கடன் விற்பனையில் இரண்டு தள்ளுபடிகள்: ஒரே கணக்கில் எழுதலாமா?

வைகைக்கரை எழுதியது:

வணக்கம். மதுரையில் மின்விசிறி மொத்த வியாபாரக் கடை ஒன்றில் கணக்கு எழுதும் பொறுப்பை அண்மையில் ஏற்றிருக்கிறேன். எனக்கு முன்பு இருந்தவர் ‘தள்ளுபடி’ என்ற பெயரில் ஒரே ஒரு கணக்குதான் வைத்திருக்கிறார். டீலர்களுக்குப் பட்டியல் விலையில் கழித்துக் கொடுக்கும் 20 சதவீதமும் அதில்தான் விழுகிறது. 10 நாளுக்குள் பணம் அனுப்புகிறவர்களுக்கு விட்டுக்கொடுக்கும் 2 சதவீதமும் அதில்தான். அந்தக் கணக்கின் மொத்தத்தைப் பார்த்த முதலாளி, இவ்வளவு பணம் எங்கே போனது என்று கேட்கிறார்.

ஒரு பில்லை அப்படியே தருகிறேன். 50 மின்விசிறி, பட்டியல் விலை ஒன்றுக்கு 2,000 ரூபாய். மொத்தம் 1,00,000. டீலர் தள்ளுபடி 20,000 போக 80,000. ஜிஎஸ்டி 18 சதவீதம் 14,400. பில் தொகை 94,400. பில்லின் அடியில் “10 நாளுக்குள் செலுத்தினால் 2 சதவீதம் ரொக்கத் தள்ளுபடி, கடைசித் தவணை 30 நாள்” என்று அச்சடித்திருக்கிறது.

பழைய கணக்கர் போட்ட பதிவு இது:

டீலர் க/கு பற்று 94,400
தள்ளுபடி க/கு பற்று 20,000
விற்பனை க/கு வரவு 1,00,000
மத்திய ஜிஎஸ்டி வரவு 7,200
மாநில ஜிஎஸ்டி வரவு 7,200

எட்டாம் நாள் டீலரிடமிருந்து வங்கியில் 92,512 ரூபாய் வந்தது. அவர் 1,888 ரூபாயைக் கழித்துக்கொண்டிருக்கிறார். முதலாளியோ 1,600தான் கழிக்கலாம் என்கிறார். மீதி 288 ரூபாய் டீலர் பெயரில் பாக்கியாக நிற்கிறது. முதல் பதிவு சரியா, இந்த 288 யாருடையது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஈரோட்டுப் பேரேடு எழுதியது:

பழைய கணக்கர் போட்டதில் பெரிய குற்றம் ஒன்றும் இல்லை, தம்பி. பற்றும் வரவும் சமமாக இருக்கின்றன. விற்பனையில் 20,000 கூடுகிறது, செலவில் அதே 20,000 கூடுகிறது, லாபம் ஒரு ரூபாய்கூட மாறாது. டீலர்களுக்கு எவ்வளவு விட்டுக்கொடுக்கிறோம் என்பது முதலாளிக்குக் கண்ணுக்குத் தெரிய வேண்டாமா? நான் பல வருடங்களாகத் தள்ளுபடியைத் தனியாகக் காட்டித்தான் எழுதுகிறேன். அது மறைந்துபோனால் பேரம் பேசும்போது கையில் கணக்கு இருக்காது.

தணிக்கை மேசை எழுதியது:

ஈரோட்டு ஐயா சொல்வதில் நிகர லாபம் மாறாது என்பது உண்மை. ஆனால் மற்றவை மாறும். இந்த ஒரு பில்லையே எடுத்துக்கொள்ளுங்கள். விசிறியின் அடக்கம் ஒன்றுக்கு 1,300 என்று வைத்தால் 50 விசிறிக்கு 65,000. கடைக்கு உண்மையில் கிடைத்த விற்பனை விலை 80,000. மொத்த லாபம் 15,000, அதாவது விற்பனையில் 18.75 சதவீதம். பழைய பதிவின்படி விற்பனை 1,00,000, மொத்த லாபம் 35,000, அதாவது 35 சதவீதம். முதலாளி இந்த 35ஐ நம்பி இன்னும் 5 சதவீதம் தாராளமாகக் குறைக்கலாம் என்று முடிவெடுத்தால் என்ன ஆகும்? அதனால்தான் இது வெறும் எழுத்து முறைச் சிக்கல் அல்ல என்கிறேன்.

அடுத்தது வரி. ஜிஎஸ்டி விவர அறிக்கையில் இந்தப் பில் 80,000 ரூபாய்க்குத்தான் போகிறது, ஏனென்றால் பில்லிலேயே கழித்துக் காட்டிய தள்ளுபடி சரக்கின் மதிப்பில் சேராது. கணக்கில் 1,00,000, அறிக்கையில் 80,000. இப்படி ஒவ்வொரு பில்லிலும் 20 சதவீத வித்தியாசம் சேர்ந்தால், ஆண்டு அறிக்கையை ஒப்பிடும் நேரத்தில் அதற்கு விளக்கம் எழுதியே அலுத்துப்போவீர்கள். வருமான வரித் தணிக்கைக்கான விற்றுமுதல் வரம்பும் இருக்கிறது. ரொக்கமாக வருவதும் போவதும் தனித்தனியே 5 சதவீதத்தைத் தாண்டாத வணிகத்துக்கு அந்த வரம்பு 10 கோடி. உண்மையான விற்பனை 8.4 கோடி உள்ள ஒரு கடை, எல்லாப் பில்லையும் பட்டியல் விலையில் எழுதினால் கணக்கில் 10.5 கோடி காட்டும். தேவையில்லாத கேள்வியை நாமே வரவழைப்பதுபோல ஆகும்.

ஆகவே பதிவு இவ்வளவுதான்:

டீலர் க/கு பற்று 94,400
விற்பனை க/கு வரவு 80,000
மத்திய ஜிஎஸ்டி வரவு 7,200
மாநில ஜிஎஸ்டி வரவு 7,200

அந்த 20,000 பில்லில் தெரியும், பேரேட்டில் தெரியாது. அந்தப் பணம் கடைக்கு என்றைக்கும் வரவேண்டியதாகவே இருந்ததில்லை. வரவேண்டியிராத பணத்தை வருமானமாக எழுதிவிட்டு, உடனே செலவாகவும் எழுதுவதற்கு எந்த அடிப்படையும் இல்லை.

ஈரோட்டு ஐயாவின் கவலை நியாயமானது. அதற்குப் பில் போடும் மென்பொருளில் தள்ளுபடிக்கென ஒரு பத்தியைத் திறந்து வையுங்கள். டீலர் வாரியாக எவ்வளவு கழித்தோம் என்ற பட்டியலை அதிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். பேரம் பேசுவதற்கு அந்தப் பட்டியல் போதும், லாபநட்டக் கணக்கில் அது ஏற வேண்டியதில்லை.

நூல்மண்டி எழுதியது:

எங்களுக்கும் இதே பிரச்சினைதான். நாங்கள் நூல் வாங்கி விற்கிறோம். ஆலை ஒன்று ஆண்டு முடிந்ததும் மொத்தக் கொள்முதலைக் கணக்கிட்டு ஒன்றரை சதவீதத்தை எங்கள் பெயரில் வரவு வைக்கிறது. பணமாகத்தான் வருகிறது, ஆகவே ரொக்கத் தள்ளுபடி என்று ‘பெற்ற தள்ளுபடி’யில் எழுதிவிடுகிறேன். இதுவும் 10 நாள் கணக்கு மாதிரிதானே?

தணிக்கை மேசை எழுதியது:

இல்லை, அது வேறு. நீங்கள் எவ்வளவு வாங்கினீர்கள் என்பதற்காக ஆலை அதைக் கொடுக்கிறது. எப்போது பணம் கட்டினீர்கள் என்பதற்காக அல்ல. பணமாக வருவதால் அது ரொக்கத் தள்ளுபடி ஆகிவிடாது. அளவுக்கான கழிவு கொள்முதல் விலையைக் குறைக்கிறது. கொள்முதல் கணக்கில் கழித்தே காட்டுங்கள், மிச்சமிருக்கும் சரக்கின் மதிப்பிலும் அதன் பங்கைக் குறைக்க வேண்டும்.

பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் வரித் தணிக்கை வழிகாட்டியும் இதே கோட்டில்தான் பிரிக்கிறது. பில்லில் கழித்த தள்ளுபடியையும் அளவுக்காகக் கொடுக்கும் கழிவையும் விற்றுமுதலிலிருந்து கழிக்கலாம். பில்லுக்கு வெளியே கொடுக்கும் ரொக்கத் தள்ளுபடி நிதிச் செலவின் தன்மை உடையது என்பதால் அதைக் கழிக்கக் கூடாது. வைகைக்கரையின் 2 சதவீதம் ஏன் தனிக் கணக்குக்குப் போக வேண்டும் என்பதற்கும் காரணம் இதுதான். 30 நாள் பொறுக்க வேண்டிய பணத்தை 20 நாள் முன்னதாக வாங்குவதற்காகக் கடை கொடுக்கும் விலை அது. 20 நாளுக்கு 2 சதவீதம் என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 37 சதவீதம் ஆகிறது. வங்கிக் கடன் அதைவிட மலிவாகக் கிடைக்குமா என்று முதலாளி பார்ப்பது நல்லது. அந்தத் தொகை தனியாகத் தெரிந்தால்தான் அவரால் அதைப் பார்க்க முடியும்.

மாலை வகுப்பு எழுதியது:

நான் மாலை நேரக் கல்லூரியில் வணிகவியல் படிக்கிறேன். பணம் வந்த நாளின் பதிவை எங்களுக்கு இப்படிச் சொல்லிக்கொடுத்தார்கள்: வங்கி பற்று, அளித்த தள்ளுபடி பற்று, கடனாளி வரவு. ரொக்க ஏட்டில் தள்ளுபடிப் பத்தி ஒன்றும் இருக்கும். ஆனால் அந்தக் கணக்குகளில் ஜிஎஸ்டியே வராது. இங்கே 2 சதவீதத்தை 80,000 மீது போடுவதா, 94,400 மீது போடுவதா? 288 ரூபாய் சரியாக 1,600இன் 18 சதவீதம், அதைக் கவனித்தேன்.

தணிக்கை மேசை எழுதியது:

நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள். சண்டையே அந்த 18 சதவீதத்தில்தான்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, விற்றவர் ஜிஎஸ்டியைத் தொடாமல் வணிகக் கிரெடிட் நோட்டு மட்டும் கொடுப்பது. அப்போது பில்லின் வரி 14,400 அப்படியே நிற்கும். வாங்கியவரும் தன் உள்ளீட்டு வரி வரவை முழுதாக வைத்துக்கொள்வார், திருப்ப வேண்டியதில்லை. 2025 செப்டம்பரில் வந்த 251ஆம் எண் சுற்றறிக்கையும் அதைத்தான் சொல்கிறது. 2 சதவீதம் சரக்கு மதிப்பின் மீது என்றால் பதிவு:

வங்கி க/கு பற்று 92,800
அளித்த தள்ளுபடி க/கு பற்று 1,600
டீலர் க/கு வரவு 94,400

இரண்டாவது, வரியோடு சேர்த்துக் கிரெடிட் நோட்டு கொடுப்பது. தள்ளுபடி நிபந்தனை முன்கூட்டியே பேசி முடிவானதாக இருந்து, நோட்டு இன்ன பில்லுக்கு என்று குறிப்பிட்டு, வாங்கியவரும் தன் வரி வரவில் 288 ரூபாயைத் திருப்பினால் இப்படிச் செய்யலாம்:

வங்கி க/கு பற்று 92,512
அளித்த தள்ளுபடி க/கு பற்று 1,600
மத்திய ஜிஎஸ்டி பற்று 144
மாநில ஜிஎஸ்டி பற்று 144
டீலர் க/கு வரவு 94,400

இரண்டிலும் கடையின் செலவு 1,600தான் என்பதைப் பாருங்கள். 288 ரூபாய் அரசிடமிருந்து திரும்ப வருகிறதா இல்லையா என்பதுதான் வேறுபாடு. வைகைக்கரையின் டீலர் செய்திருப்பது இரண்டையும் கலந்தது. 1,888 கழித்துக்கொண்டார், ஆனால் கடையிலிருந்து வரிக் கிரெடிட் நோட்டு போகவில்லை. அவர் 14,400ஐ முழுதாக வரவு எடுத்துக்கொண்டிருந்தால், அந்த 288 கடையின் பையிலிருந்துதான் போகிறது. ஆகவே முதலில் டீலரிடம் கேளுங்கள்: வரி வரவைத் திருப்பத் தயாரா? தயார் என்றால் நோட்டு போடுங்கள், பாக்கி தானாகத் தீரும். தயாராக இல்லை என்றால் 288 அவருடைய பாக்கிதான்.

கோவை பம்புசெட் எழுதியது:

மேடம் சொல்வது காகிதத்தில் சரி. நடைமுறையில் 1,600 ரூபாய்க்கு வரிக் கிரெடிட் நோட்டு போடுகிறவர் யார்? மாதம் 300 பில் போடுகிறோம். ஒவ்வொன்றுக்கும் நோட்டு போட்டு, வாங்கியவர் வரியைத் திருப்பினாரா என்று துரத்த ஆள் கிடையாது. பில்லின் அடியில் “ரொக்கத் தள்ளுபடி வரி நீங்கலான மதிப்பின் மீது மட்டும்” என்று ஒரு வரி சேர்த்தோம், எங்களுக்குத் தகராறு நின்றுவிட்டது. வைகைக்கரையின் பில்லில் எதன் மீது 2 சதவீதம் என்று சொல்லவே இல்லை. டீலர் 94,400 மீது என்று படித்ததை எப்படிக் குறை சொல்வது? பழைய பில்களுக்கு அந்த 288ஐ விட்டுவிட்டு, மொத்தம் 1,888ஐயும் அளித்த தள்ளுபடியில் எழுதிக்கொள்வதே மரியாதை.

எனக்கு இதைவிடப் பெரிய தலைவலி வேறு. 23ஆம் நாள் பணம் கட்டுகிறவரும் 2 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டுதான் அனுப்புகிறார். என் கணக்கர் பாக்கி தீர வேண்டும் என்பதற்காக அதையும் தள்ளுபடியில் எழுதிவிடுகிறார்.

தணிக்கை மேசை எழுதியது:

பில்லில் தெளிவில்லை என்ற உங்கள் வாதத்தை ஏற்கிறேன். அப்படியானால் கடை விட்டுக்கொடுத்தது முழுத் தொகையின் மீது 2 சதவீதம், செலவு 1,888. அதை முதலாளி முடிவு செய்யட்டும்.

தாமதமாக வந்த பணத்துக்கு மட்டும் கணக்கர் தாமாகத் தள்ளுபடி எழுதக் கூடாது. 23ஆம் நாள் 92,800 வந்தால் வங்கி பற்று 92,800, டீலர் வரவு 92,800. அவ்வளவுதான். 1,600 அவர் பெயரில் பாக்கியாகவே நிற்கட்டும். அந்தப் பில் எண்ணுக்கு எதிரே மீதி தெரியும்படி, ரசீதைப் பில் வாரியாக நேர்செய்து வையுங்கள். பிறகு முதலாளி விட்டுக்கொடுக்க நினைத்தால், அவர் எழுத்தில் ஒப்புக்கொண்ட நாளில் தனிப் பதிவு போடலாம். இப்படிச் செய்யாவிட்டால் அளித்த தள்ளுபடிக் கணக்கில் குறைவாக வந்த பணம், சேதத்துக்காகப் பிடித்தது, வங்கிக் கட்டணம் எல்லாம் வந்து விழும்.

கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. 10 நாளுக்குள் தீர்ந்த பில்களின் பட்டியலை எடுங்கள். அவற்றின் வரி நீங்கலான மதிப்பைக் கூட்டி 2 சதவீதம் கணக்கிடுங்கள். அளித்த தள்ளுபடிக் கணக்கின் மீதி அதைவிடக் கூடுதலாக இருந்தால், அந்தக் கூடுதல் வேறு எதுவோ. 40 லட்சத்துக்கான பில்கள் நேரத்தில் தீர்ந்திருந்தால் உச்சம் 80,000. கணக்கில் 1,30,000 இருக்கிறதென்றால், தாமதமாகக் கட்டியவர்களின் ரசீதுகளைப் பில் தேதியோடு ஒப்பிடத் தொடங்குங்கள்.

வைகைக்கரை எழுதியது:

மிக்க நன்றி. இந்த ஆண்டின் பதிவுகள் இரண்டும் கலந்து கிடக்கின்றனவே, அவற்றைப் பிரிப்பது எப்படி? ஆயிரக்கணக்கான வரிகள் இருக்கின்றன.

ஈரோட்டுப் பேரேடு எழுதியது:

இதற்கு நான் வழி சொல்கிறேன். தள்ளுபடிக் கணக்கை வவுச்சர் வகைப்படி வரிசைப்படுத்துங்கள். விற்பனை வவுச்சரிலிருந்து வந்தவை எல்லாம் டீலர் தள்ளுபடி. ரசீது வவுச்சரிலிருந்து வந்தவை எல்லாம் பணம் வந்த நாளின் தள்ளுபடி. குறிப்பேட்டுப் பதிவாக வந்தவை எண்ணிக்கையில் கொஞ்சம்தான் இருக்கும், அவற்றை மட்டும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். விற்பனை வவுச்சர்களில் வந்ததை மாதவாரியாகக் கூட்டி, விற்பனை பற்று, தள்ளுபடி வரவு என்று மாதத்துக்கு ஒரு பதிவு போட்டால் போதும். வரியில் கை வைக்காதீர்கள், அது ஏற்கெனவே 80,000 மீதுதான் போட்டிருக்கிறது.

மொத்த லாபம் 35 சதவீதம் என்று காட்டும் விஷயத்தை நான் அந்தக் கோணத்தில் பார்த்ததில்லை. எங்கள் கடையின் விகிதத்தையும் இன்று எடுத்துப் பார்க்கப்போகிறேன். ஆனாலும் பேரேட்டில் தெரியாத தொகையை முதலாளிகள் மறந்துவிடுவார்கள் என்ற என் கருத்து அப்படியேதான் இருக்கிறது.

தணிக்கை மேசை எழுதியது:

பிரிக்கும் வழி சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். முடித்துக் கையெழுத்தான பழைய ஆண்டைத் திறக்காதீர்கள். இந்த ஆண்டின் அறிக்கையில் ஒப்பீட்டுக்காகக் காட்டும் சென்ற ஆண்டுத் தொகையை மறுவகைப்படுத்தலாமா என்று உங்கள் தணிக்கையாளரிடம் பேசுங்கள். பேசாவிட்டால் விற்பனை ஒரே ஆண்டில் ஐந்தில் ஒரு பங்கு சரிந்ததுபோலத் தெரியும், வங்கி கேள்வி கேட்கும்.

நூல்மண்டி எழுதியது:

சரக்குத் திரும்பி வந்தால் எந்த விலையில் எடுப்பது? எங்களிடம் ஒருவர் பட்டியல் விலையில் கிரெடிட் கேட்டு அடம்பிடித்தார்.

தணிக்கை மேசை எழுதியது:

பில்லில் இருந்த விலையில்தான். வைகைக்கரையின் டீலர் 5 விசிறியைத் திருப்பினால் ஒன்று 1,600 வீதம் 8,000, ஜிஎஸ்டி 1,440, ஆக 9,440க்கு நோட்டு. 2,000 வீதம் எடுத்தால் கொடுக்காத பணத்தைத் திருப்பித் தருகிறீர்கள். அவர் ஏற்கெனவே 8,000 மீது 160 ரூபாய் ரொக்கத் தள்ளுபடி பெற்றிருக்கிறார். அதையும் திரும்பப் பெற வேண்டும் என்பது என் கருத்து. அளித்த தள்ளுபடியில் 160 வரவு, டீலருக்கு 9,280 மட்டும் சேர வேண்டும்.

கோவை பம்புசெட் எழுதியது:

160ஐப் பிடிப்பது எனக்கு உடன்பாடில்லை. அவர் சொன்ன நாளில் முழுப் பணத்தையும் கட்டினார். அந்த 8 நாளில் நம் கையில் பணம் வந்து புழங்கியது உண்மைதானே? பழுதான விசிறியை அனுப்பியது நாம், தண்டனை அவருக்கா? பழுது என்றால் விட்டுவிடுவேன், விற்கவில்லை என்று திருப்பினால் பிடிப்பேன்.

மாலை வகுப்பு எழுதியது:

இன்னொரு சந்தேகம். மார்ச் 28 அன்று விற்று, ஏப்ரல் 5 அன்று தள்ளுபடியோடு பணம் வந்தால் 1,600 எந்த ஆண்டுச் செலவு? எங்கள் பாடத்தில் கடனாளிகள் மீதான தள்ளுபடிக்கு ஒதுக்கு வைக்கச் சொல்கிறார்கள்.

தணிக்கை மேசை எழுதியது:

இந்திய கணக்கியல் தரநிலை 115 பொருந்தும் பெரிய நிறுவனங்களில் ‘பிறகு பார்க்கலாம்’ என்பது இல்லை. எத்தனை பேர் தள்ளுபடியைப் பயன்படுத்துவார்கள் என்று விற்கும் நாளிலேயே மதிப்பிட்டு விற்பனையையே குறைத்து எழுத வேண்டும். அங்கே ரொக்கத் தள்ளுபடி நிதிச் செலவாகத் தனியே நிற்பதில்லை. வைகைக்கரையின் கடை போன்ற இடத்துக்கு அந்தத் தரநிலை வராது. அங்கே மார்ச் 31 அன்று 10 நாள் முடியாத பில்களை மட்டும் பட்டியலிட்டு, வழக்கமாக முன்னதாகக் கட்டுகிறவர்களின் பெயரில் ஒதுக்கு வைக்கச் சொல்வேன்.

ஈரோட்டுப் பேரேடு எழுதியது:

ஒதுக்கு வேண்டாம். பணம் வரும் வரை அது தள்ளுபடியே அல்ல, அவர் 30 நாள் எடுத்துக்கொள்ளவும் கூடும். ஏப்ரலில் வந்தால் ஏப்ரலில் எழுதுகிறேன். ஒவ்வோர் ஆண்டும் அப்படியே செய்தால் எந்த ஆண்டுக்கும் பெரிய வித்தியாசம் வராது.

தணிக்கை மேசை எழுதியது:

மார்ச் கடைசி வாரத்தில் இலக்கை எட்டச் சரக்கைத் தள்ளிவிடும் கடைகளில் வரும், ஐயா. எங்களிடம் வரும் கணக்குகளில் அந்த வாரப் பில்களைத்தான் முதலில் எடுத்துப் பார்க்கிறேன்.

வைகைக்கரை எழுதியது:

டீலரிடம் பேசிவிட்டேன். அவருடைய கணக்கர் 14,400 முழுவதையும் வரவு எடுத்திருக்கிறார், திருப்ப விருப்பமில்லை என்கிறார். அடுத்த பில்லோடு 288ஐச் சேர்த்து அனுப்புவதாக ஒப்புக்கொண்டார். அதனால் அவர் கணக்கில் 92,512க்கு ரசீதும் 1,600க்கு வணிகக் கிரெடிட் நோட்டும் போட்டு, 288ஐ அந்தப் பில்லுக்கு எதிரே நிலுவையாக விட்டிருக்கிறேன். பில்லின் அடிவரியை “வரி நீங்கலான மதிப்பின் மீது 2 சதவீதம், 10ஆம் நாளுக்குள் எங்கள் வங்கிக் கணக்கில் வரவானால் மட்டும்” என்று மாற்ற முதலாளி சம்மதித்தார். காசோலை கொடுத்த நாளா, வரவான நாளா என்று இன்னொரு டீலர் இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டார்.